கியோத்தோ ஊறுகாய்க் கடையில் ஒரு படம்

கியோத்தோ நகரின் நடுவில் நிஷிக்கி என்றொரு கடைத்தெரு இருக்கிறது. நீளம் 400 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அகலமும் குறைவுதான். மேலே சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கூரை, கீழே இரு பக்கமும் சுமார் 130 கடைகள். மீன், டோஃபு, தேயிலை, கத்தி, ஊறுகாய் எல்லாம் கிடைக்கும். 18ஆம் நூற்றாண்டின் பெரிய ஓவியர்களில் ஒருவரான இத்தோ ஜக்குச்சூ இந்தத் தெருவில் காய்கறி மொத்த வியாபாரம் செய்த வீட்டுப் பிள்ளை.

குளிர்காலத்தில் போனால் ஊறுகாய்க் கடைகளில் ஒரு வேலை நடப்பதைப் பார்க்கலாம். ஷோகோயின் என்ற உள்ளூர் ரகத்துக் கிழங்கு, முள்ளங்கிக்கு உறவுதான் என்றாலும் உருண்டையாக, குழந்தையின் தலையளவு பெரிதாக இருக்கும். கடைக்காரர் தோலைச் சீவிவிட்டு, இழைப்புளி போன்ற ஒரு கருவியில் அதைத் தேய்த்துத் தேய்த்துத் தாள் தாளாக வட்டங்கள் எடுப்பார். அவற்றை மரத்தொட்டியில் அடுக்கி உப்பிடுவார். பிறகு கொம்பு என்னும் கடற்பாசியும் வினிகரும் சேரும். இதுதான் ஸென்மாய்ஸுகெ. ஈரமான வெள்ளை வட்டங்கள், சிவந்த விரல்கள், பழைய தொட்டி என்று எல்லாம் கண்முன் இருக்கும்போது கைபேசி வைத்திருக்கும் யாருக்கும் கை சும்மா இருக்காது. கடைக்குக் கதவும் கிடையாது. தெருவில் நின்றபடியே எடுத்துவிடலாம்.

எடுத்துவிட்டால் பெரும்பாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அல்லது உள்ளே ஏதோ வேலை இருப்பதுபோல் போய்விடுவார். இந்தத் தெருவில் பயணிகள் எடுத்த படங்களில் இப்படிப் பாதி திரும்பிய முகங்கள் நிறைய. அந்தத் திரும்பல்தான் அவருடைய எதிர்ப்பு என்பது எடுத்தவருக்குத் தெரிந்திருக்காது.

ஜப்பானில் இது மரியாதைப் பிரச்சினை மட்டுமல்ல. ஒருவருடைய உருவத்தை எடுப்பது குறித்துத் தனிச் சட்டப்பிரிவு எதுவும் அங்கே இல்லை. நீதிமன்றங்கள்தான் அந்த உரிமையை வளர்த்தன. தொடக்கமும் இதே கியோத்தோவில்தான். 1962இல் நடந்த ஒரு மாணவர் ஊர்வலத்தைக் காவலர் ஒருவர் படமெடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தச் சூழலில் காவலர் எடுத்தது தவறில்லை என்று 1969இல் தீர்ப்பு வந்தது. ஆனால் அதே தீர்ப்பு, சம்மதமில்லாமல் தன் முகத்தையும் தோற்றத்தையும் எவரும் படமெடுக்காதிருக்கும் சுதந்திரம் ஒவ்வொருவருக்கும் உண்டு என்றும், அரசமைப்பின் 13ஆம் பிரிவு அதைக் காக்கிறது என்றும் சொன்னது. அதற்குப் பின் வந்த தீர்ப்புகள், எங்கே, எதற்காக, எப்படி எடுத்தார்கள் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, ஒரு மனிதர் பொறுத்துக்கொள்ள வேண்டிய எல்லையை மீறியதா என்று எடைபோடுகின்றன. கடையின் உட்புறம் என்றால் இன்னும் எளிது. அங்கே படமெடுக்கலாமா கூடாதா என்பது கடைக்காரர் முடிவு.

ஆகவே கேட்க வேண்டும். கேட்கும் வாக்கியம் தமிழருக்குச் சிரமமே இல்லை என்பதுதான் வேடிக்கை.

‘ஷஷின் ஒ தொத்தெ மொ ஈ தெஸ் க?’

ஷஷின் என்றால் புகைப்படம். ‘ஒ’ நம்முடைய ‘ஐ’ வேற்றுமை. ‘தொத்தெ மொ’ என்பது எடுத்தாலும். அந்த ‘மொ’தான் நம் ‘உம்’. ‘ஈ’ நல்லது. கடைசியில் ஒட்டும் ‘க’ நம்முடைய கேள்வி ‘ஆ’. புகைப்படத்தை எடுத்தாலும் நல்லதா? ஒரு சொல்லைக்கூட இடம் மாற்றாமல் தமிழில் அடுக்கிவிடலாம். ஸுஸுமு ஓனோ (1919–2008) என்ற ஜப்பானிய அறிஞர் தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு என்று பல ஆண்டுகள் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, வாக்கிய அமைப்பு நமக்குக் கைகொடுக்கிறது. உச்சரிப்பிலும் அப்படியே. குறிலும் நெடிலும் வேறு வேறு, ஒற்று இரட்டித்தால் பொருள் மாறும் என்ற இரண்டும் நமக்குப் பழக்கமானவை. ‘தொத்தெ’யில் ‘த்த’வை அழுத்தி, ‘ஈ’யை நீட்டிச் சொன்னால் போதும். ‘தெஸ்’ஸில் வரும் ‘தெ’யைத் தெய்வம் என்பதில் வரும் ‘தெ’ போல ஒலிக்க வேண்டும்.

இதோடு ஒட்டிப் பிறந்ததுபோல் இன்னொரு வாக்கியம் உண்டு. ‘ஷஷின் ஒ தொத்தெ மொரஎமஸ் க?’ முன்பாதி அதேதான். பொருள் தலைகீழ். எனக்காக நீங்கள் படம் எடுத்துத் தருவீர்களா என்று கேட்கிறது அது. இதைச் சொல்லிவிட்டுக் கேமராவைத் தூக்கினால், கடைக்காரர் ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு உங்கள் கைபேசியை வாங்கக் கை நீட்டுவார்.

சுருக்கமாக ‘ஷஷின், ஈ தெஸ் க?’ என்று கேட்பதும் உண்டு. பேச்சில் சாதாரணம்தான். ஆனால் அதில் யாரை, எதை என்பது இல்லை. உங்களை ஊறுகாயோடு நிற்கவைத்து எடுக்கச் சொல்கிறீர்கள் என்று ஒருவர் நினைக்கலாம். சரக்கை மட்டும் எடுக்கப் போகிறீர்கள் என்று நினைத்து, மறைக்கக் கூடாதே என்று இன்னொருவர் மரியாதையாக விலகிக்கொள்வார். இரண்டாவதுதான் அதிகம் நடக்கும். நீங்கள் விரும்பிய ஆள் படத்தில் இல்லாமல் தொட்டி மட்டும் இருக்கும். அவர் ‘சரி’ என்றது உண்மை, ஆனால் வேறொன்றுக்குச் ‘சரி’.

எனவே யாருடைய படம் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. ‘நீ’, ‘நீங்கள்’ என்று அகராதி கொடுக்கும் ‘அநத’ என்ற சொல் இங்கே உதவாது. முன்பின் தெரியாத பெரியவரிடம் அது முகத்தில் விரல் நீட்டியதுபோல் ஒலிக்கும். கடை நடத்தும் ஆணை ‘கொஷுஜின்’ என்பார்கள், உரிமையாளர் ஐயா என்ற மரியாதையில். கடையை நடத்தும் பெண்மணி ‘ஒகமிஸன்’. யார் முதலாளி, யார் வேலையாள் என்று தெரியாதபோது ‘ஒமிஸெ நொ கத’, அதாவது கடையைச் சேர்ந்தவர், என்று சொல்லித் தப்பிக்கலாம். வேலைக்கு வந்த இளைஞரிடம் கேட்டால் அவர் உள்ளே பார்ப்பார். அனுமதி தரும் அதிகாரம் தனக்கு இல்லை என்று பொருள். அவரை வற்புறுத்தாமல் முதலாளி வரும்வரை காத்திருப்பதுதான் முறை.

ஒரு முறை முழுக்க நடத்திப் பார்ப்போம். காலை நேரம், கூட்டம் இன்னும் சேரவில்லை. முதலில் ஊறுகாய் வாங்குங்கள். படத்துக்கான கூலியாக அல்ல. படத்துக்காகப் பணம் நீட்டினால் அவர் சங்கடப்படுவார், அங்கே டிப்ஸ் கொடுக்கும் வழக்கமே கிடையாது. வாங்கும்போது அவர் உங்களை ஒரு முறை நிமிர்ந்து பார்த்திருப்பார், அது ஒன்றே போதும். பணத்தைக் கையில் கொடுக்காமல் அதற்கென்று வைத்திருக்கும் சிறு தட்டில் வைத்து, மீதியையும் எடுத்துக்கொண்ட பிறகு கேளுங்கள். அடுத்த வாடிக்கையாளர் பின்னால் நின்றால் அவர் போகும்வரை பேச்சையே எடுக்க வேண்டாம். கைபேசி கீழே இருக்கட்டும். லென்ஸ் அவர் பக்கம் திரும்பியிருந்தால் கேள்விக்கு அர்த்தமே இல்லை.

‘ஸுமிமஸென்’ என்று தொடங்கி, கொஞ்சம் நிறுத்தி, அவர் கை ஓய்ந்து நிமிர்ந்ததும்:

‘கொஷுஜின் நொ ஒஷஷின் ஒ இச்சிமாய், தொத்தெ மொ யொரொஷீ தெஷோ க?’

ஐயாவின் படம் ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்ளலாமா என்கிறது இது. ‘ஈ தெஸ் க’ இருந்த இடத்தில் ‘யொரொஷீ தெஷோ க’ வந்தது கூடுதல் பணிவு. ‘இச்சிமாய்’ என்பது தாள்போல் தட்டையான பொருட்களை எண்ணும் ‘ஒன்று’. அந்தச் சிறு சொல் ஒரு வாக்குறுதி: வேலையை நிறுத்தமாட்டேன், நொடியில் முடியும். சொன்னபடி ஒன்றோடு நிறுத்த வேண்டும். இன்னொன்று வேண்டுமென்றால் ‘மோ இச்சிமாய், ஒனெகாய் ஷிமஸ்’ என்று மறுபடி கேட்க வேண்டும். இதைவிட நீளமான, ‘எடுக்கவிட்டு அந்தத் தயவை நான் பெறலாமா’ என்ற அமைப்பில் வரும் வாக்கியமும் உண்டு. பத்திரிகையாளர்கள் அதைத்தான் சொல்வார்கள். வெளியூர்க்காரர் பாதியில் சிக்கித் திணறுவதைவிட மேலே உள்ளதைத் தெளிவாகச் சொல்வது மேல் என்பது என் எண்ணம்.

அவர் சம்மதித்தால் ‘ஈ தெஸ் யொ’ என்பார், அல்லது ‘தோஸொ’ என்று கையைக் காட்டுவார். உடனே ‘அரிகத்தோ கொஸாய்மஸ்’ என்று ஒரு நன்றி. அதற்குள் அவர் கிழங்கைக் கீழே வைத்துவிட்டு நேராக நின்று, இரண்டு விரலை உயர்த்தி ‘வி’ காட்ட ஆயத்தமாகிவிடுவார். கேமராவைக் கண்டால் அந்த நாட்டில் வயது வித்தியாசமில்லாமல் வரும் பழக்கம் அது. உங்களுக்கு வேண்டியதோ வேலை செய்யும் தோற்றம். அதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ‘ஸொனொ மம தெ, ஒனெகாய் ஷிமஸ்.’ இருந்தபடியே இருங்கள். அவர் சிரித்துக்கொண்டு கிழங்கைக் கையில் எடுப்பார். அழுத்துவதற்கு முன் ‘தொரிமஸ் நெ’, எடுக்கிறேன் என்று ஒரு குரல் கொடுங்கள். ஜப்பானில் விற்கும் கைபேசிகள் பெரும்பாலும் ‘கிளிக்’ சத்தத்தை அணைக்க முடியாதபடிதான் வரும். திருட்டுத்தனமாக எடுப்பதைத் தடுக்க நிறுவனங்களே வைத்துக்கொண்ட ஏற்பாடு. அந்தச் சத்தத்துக்குப் பழகிய கடைக்காரருக்கு, ஓசையில்லாத வெளிநாட்டுக் கைபேசி எப்போது எடுத்தது, எத்தனை எடுத்தது என்று தெரியாது. உங்கள் குரல்தான் அதை ஈடுகட்ட வேண்டும்.

இது சம்மதம் கிடைத்த கதை. கேட்பதைவிடக் கடினம் மறுப்பைப் புரிந்துகொள்வது. ‘இல்லை’ என்ற நேர்ச்சொல் காதில் விழவே விழாது. ‘ஷஷின் வ ச்சொத்தொ…’ என்பார். படம் வந்து, கொஞ்சம்… என்று வாக்கியம் அந்தரத்தில் நின்றுவிடும். முடிக்கப்படாத அந்த வாக்கியம்தான் மறுப்பு. ‘கொஞ்சம்’ என்று சொன்னாரே, கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது என்று கைபேசியைத் தூக்குகிறவர்கள் உண்டு. தலையைச் சாய்த்துப் பல்லிடுக்கில் காற்றை இழுத்தாலும் அதே பொருள். முகத்துக்கு முன்னால் உள்ளங்கையைப் பக்கவாட்டில் வேகமாக ஆட்டினாலும் அதுவே. நம் ஊரில் அதை டாட்டா என்று எடுத்துக்கொள்வோம்.

இன்னும் சிக்கலானது, சம்மதத்துக்கும் மறுப்புக்கும் ஒரே சொல் வருவது. ‘ஈ தெஸ் யொ’ என்று கடைசியில் ‘யொ’ வந்தால் தாராளமாக எடுங்கள். கையை ஆட்டிக்கொண்டே ‘ஆ, ஈ தெஸ், ஈ தெஸ்’ என்றால் வேண்டாம், இருக்கட்டும். ‘தாய்ஜோபு தெஸ்’ என்பதும் இரண்டு பக்கமும் பேசும். நம் வீடுகளில் காபி வேண்டுமா என்று கேட்டதற்குப் ‘பரவாயில்லை’ என்று பதில் வந்தால் அது வேண்டாமா, கொண்டுவரலாமா என்று குரலையும் முகத்தையும் வைத்தே முடிவுசெய்கிறோம். இங்கேயும் கையையும் கண்ணையும் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். சந்தேகம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தவறாகப் போனாலும் போவது ஒரு படம்தான்.

சில சமயம் மறுப்புக்குள் ஒரு வாசல் திறந்திருக்கும். ‘கஒ வ ச்சொத்தொ…’ என்றால் முகம் மட்டும் வேண்டாம் என்கிறார். அப்போது ‘தெமொதொ தகெ, ஈ தெஸ் க?’ என்று கேட்கலாம். தெமொதொ என்பது வேலை செய்யும் கையும் அதைச் சுற்றிய இடமும். அதை மட்டும் எடுக்கலாமா என்கிறீர்கள். பல கடைக்காரர்கள் இதற்கு முகம் மலர்வதைப் பார்க்கலாம். தன் முகத்தை யாரோ கொண்டுபோவதில் தயக்கம் உள்ளவருக்கும் தன் தொழிலைக் காட்டுவதில் பெருமை இருக்கிறது. கிழங்குச் சீவலைப் பொறுத்தவரை அதுதான் நல்ல படமும்கூட. ஆனால் ‘ஷஷின் வ’ என்று படத்தையே சொல்லி மறுத்தவரிடம் இந்தப் பேரத்தைத் தொடங்கக் கூடாது. காரணமும் கேட்கக் கூடாது. ‘ஷித்ஸுரேய் ஷிமாஷ்தா’, இடைஞ்சல் செய்துவிட்டேன், என்று தலையை லேசாகத் தாழ்த்திவிட்டு நகர வேண்டியதுதான். கடையில் கேமராவின் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட அட்டை தொங்கினால் கேள்வியே தேவையில்லை. அட்டை இருந்தும் கேட்டால், எழுதிவைத்ததை வாயாலும் சொல்லவைக்கும் சங்கடத்தை அவருக்குக் கொடுக்கிறீர்கள்.

பலரும் விட்டுவிடும் கேள்வி ஒன்று இருக்கிறது. எடுக்கச் சம்மதித்தவர் இணையத்தில் போடச் சம்மதித்துவிட்டதாக ஆகாது. ஜப்பானியர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகவே பார்க்கிறார்கள். அவர்களுடைய பதிவுகளில் அக்கம்பக்கத்தவர் முகங்களை மங்கலாக்கியிருப்பதைக் கவனித்திருக்கலாம். ‘நெத்தொ நி நொஸெதெ மொ ஈ தெஸ் க?’ என்று கேட்டுவிடுங்கள். மேலே பார்த்த அதே ‘எடுத்தாலும் நல்லதா’ அமைப்புதான், வினை மட்டும் ‘போட்டாலும்’ என்று மாறியிருக்கிறது. எடுத்த படத்தைத் திருப்பிக் காட்டிக்கொண்டே கேட்டால் பதில் சுலபமாக வரும். தான் எப்படித் தெரிகிறோம் என்று பார்த்தபின் சொல்வதுதான் முழுச் சம்மதம். பிடிக்கவில்லை என்று அவர் முகம் சொன்னால் அவர் எதிரிலேயே அழித்துவிடலாம். பின்னணியில் இன்னொரு வாடிக்கையாளர் விழுந்திருக்கிறாரா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரரின் சம்மதம் அவரைச் சேராது.

இனி நன்றி. அனுமதி கிடைத்த நொடியில் ‘கொஸாய்மஸ்’ என்று சொன்னோம். படம் எடுத்து முடித்தபின் சொல்ல வேண்டியது ‘அரிகத்தோ கொஸாய்மஷ்தா’. இறந்தகாலம். செய்த உதவி முடிந்தது, முழுதாகப் பெற்றுக்கொண்டேன் என்று அது கணக்கை மூடுகிறது. மறுபடியும் ‘மஸ்’ என்றே சொன்னால் தவறில்லை. ஆனால் இன்னும் ஏதோ எடுக்கப்போகிறீர்களோ என்று அவர் நின்றுகொண்டே இருக்கக்கூடும். ‘மஷ்தா’ கேட்டதும் கை தானாகக் கிழங்குக்குத் திரும்பும். முன்னால் ‘ஒஇஸொகஷீ தொகொரொ’, வேலை மும்முரத்துக்கு நடுவில், என்று சேர்த்தால் அவருடைய நேரத்தை எடுத்துக்கொண்டதை உணர்ந்திருக்கிறீர்கள் என்று தெரியும். அவரும் பதிலுக்கு அதே ‘மஷ்தா’வைச் சொல்வார், கியோத்தோக்காரராக இருந்தால் ‘ஓக்கினி’ என்பார். அவர் நன்றி சொல்வது ஊறுகாய் வாங்கியதற்கு.

நம் கணக்குப்படி இத்தோடு முடிந்தது. அவர்கள் கணக்குப்படி இல்லை. அடுத்த நாள் அதே தெருவில் போகிறீர்கள். அவர் கண்ணில் பட்டால் ‘கினோ வ அரிகத்தோ கொஸாய்மஷ்தா’, நேற்றைக்கு நன்றி, என்று சொல்ல வேண்டும். சில நாள் ஆகியிருந்தால் ‘ஸென்ஜித்ஸு வ’, அன்றைக்கு. ஒரு முறை பெற்ற உதவிக்கு அடுத்த சந்திப்பில் இன்னொரு முறை நன்றி சொல்வது ஜப்பானிய நாளாந்தப் பேச்சில் ஊறிப்போன வழக்கம். விருந்துக்குப் போனாலும் சரி, அலுவலகத்தில் ஒருவர் கைகொடுத்தாலும் சரி, அடுத்த முறை பேச்சு அதில்தான் தொடங்கும். சொல்லாமல் நேரே வேறு பேச்சுக்குப் போனால் மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைப்பார்கள். பயணிகளிடம் இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதனாலேயே சொன்னால் அவர் முகம் மாறும்.

வெறும் கையோடு சொல்லாமல் படத்தையே பிரதியெடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. செலவு பெரிதல்ல. எந்தத் தெருமுனையிலும் இருக்கும் கன்வீனியன்ஸ் ஸ்டோர்களில் நகலெடுக்கும் பெரிய இயந்திரம் ஒன்று நிற்கும். கைபேசியை அதோடு இணைத்து, சில பத்து யென் நாணயம் போட்டால் புகைப்படத் தாளிலேயே அச்சாகி வரும். எல் அளவு என்று தேர்ந்தெடுங்கள். 89க்கு 127 மில்லிமீட்டர், ஜப்பானிய ஆல்பங்களின் வழக்கமான அளவு அதுதான். ஈரக்கை உள்ள கடை என்பதால் உறையில் போட்டு இரண்டு கையாலும் கொடுங்கள். ஒன்று போதும். பெரிதாகச் சட்டம் போட்டுக் கொடுத்தால் அவருக்குச் சுமை. வாங்கியதற்கு ஈடாக எதையாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே பலமானது. சிறு படத்துக்கே ஒரு பொட்டலம் ஊறுகாய் உங்கள் கைக்கு வந்துவிடலாம். ஒரு முறை மறுத்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்றே ஊர் திரும்புகிறவர் என்றால் கடைச்சீட்டைத் தூக்கியெறிய வேண்டாம். கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்கு வந்து படத்தின் பின்புறம் தேதியையும் ‘அரிகத்தோ கொஸாய்மஷ்தா’ என்பதையும் எழுதி உறையில் போடுங்கள். ஜப்பானிய எழுத்து தெரியாவிட்டால் சீட்டை நகலெடுத்து, முகவரி உள்ள பகுதியைக் கத்தரித்து உறைமேல் ஒட்டலாம். கீழே நாட்டின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதினால் போதும். அதை நம் தபால்காரர் படித்தால் சரி, மேலே உள்ளதைக் கியோத்தோ தபால்காரர் படித்துக்கொள்வார். சீட்டை அசலாகவே ஒட்டுவது சரிப்படாது. வெப்பத்தாளில் அச்சான எழுத்து வழியிலேயே மங்கிவிடும்.